இந்தப் பாட்டை உண்மையில் யார் செய்தது?

படிக்கும்போதும் தூங்கப் போகும்போதும் பின்னணியில் ஓடவிடுகிற பாட்டுப் பட்டியல்களைக் கேட்பவர்களுக்குச் சில வருடங்களாக ஒரு சந்தேகம் வலுத்து வருகிறது. ஒரு பியானோத் துண்டு ஓடுகிறது. குறை சொல்லவும் ஒன்றுமில்லை, மனதில் நிற்கவும் ஒன்றுமில்லை. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது. கலைஞரின் பெயரைத் தொட்டுப் பார்த்தால் கச்சேரி விவரம் கிடையாது, பேட்டி கிடையாது, நாலைந்து பாட்டுகள் மட்டும். ஆனால் கேட்டவர் கணக்கு பல லட்சம். ‘இது ஏஐ போட்டது’ என்று உடனே முடிவுகட்டி விடுகிறோம். அந்த முடிவுக்கு நாம் வருகிற வழி பெரும்பாலும் தவறு என்றே நினைக்கிறேன். இரண்டு உண்மைச் சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஏன் என்பது தெரியும்.

முதலாவது, யோஹான் ரோர். ஸ்வீடன்காரர், இசையமைப்பாளர். அந்நாட்டின் ‘டாகென்ஸ் நிஹீட்டர்’ நாளிதழ் 2024 மார்ச்சில் இவரைப் பற்றி எழுதும்வரை வெளியுலகம் இவரை அதிகம் அறிந்ததில்லை. ஸ்பாட்டிஃபையில் 650-க்கும் மேற்பட்ட பெயர்களில் 2,700-க்கும் அதிகமான பாட்டுகளை வெளியிட்டிருந்தார். அவை சுமார் 1,500 கோடி முறை கேட்கப்பட்டிருந்தன. மாயா ஆஸ்ட்ரோம், மினிக் நுட்சன் என்று அவர் வைத்துக்கொண்ட பெயர்களைப் பார்த்தால் வேறு வேறு நாட்டுக் கலைஞர்கள் என்றுதான் தோன்றும். நாம் ‘இயந்திர அடையாளம்’ என்று சொல்லுகிற அத்தனையும் அந்தப் பக்கங்களில் இருந்தன: வரலாறில்லாத பெயர், ஒரே அச்சில் வார்த்த ஒலி, பெருங்கணக்கு. ஆனால் பின்னால் இருந்தவர் மனிதர்.

இது தனி ஒருவரின் விசித்திரமும் அல்ல. அமெரிக்கப் பத்திரிகையாளர் லிஸ் பெல்லி, ஹார்ப்பர்ஸ் இதழின் 2025 ஜனவரிக் கட்டுரையிலும் தொடர்ந்து வந்த ‘மூட் மெஷின்’ நூலிலும், இந்த வகை இசை எப்படித் தயாராகிறது என்பதை விவரித்திருக்கிறார். எந்தப் பட்டியலில் சேரவேண்டுமோ அதன் சுட்டியைத் தயாரிப்பு நிறுவனம் கலைஞருக்கு அனுப்பும். அதே சாயலில் அவர் குறிப்புகள் எழுதிக்கொண்டு வந்து, ஸ்டுடியோவில் ஒரே டேக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துத் தள்ளுவார். இரண்டொரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து பாட்டு முடிந்துவிடும். கேட்பவரின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்பதே நிபந்தனை. பொதுப்படையாக ஒலிப்பது அங்கே கேட்டு வாங்கப்படுகிற குணம். எனவே ‘சாரமில்லாத ஒலி’, ‘அசுர வேகம்’ ஆகிய இரண்டும் இயந்திரத்துக்குச் சான்றாக மாட்டா. மனிதரையே இயந்திரம்போல வாசிக்கச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆன பிறகுதான் இயந்திரம் வந்து சேர்ந்தது.

இரண்டாவது சம்பவம் இதற்கு நேர் எதிர். 2025 ஜூனில் ‘தி வெல்வெட் சன்டவுன்’ என்ற ராக் குழு திடீரென்று முளைத்தது. எழுபதுகளின் சாயல், நான்கு உறுப்பினர்களின் பெயர்கள், ஒரே மாதத்தில் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு ஆல்பங்கள். வியட்நாம் போர்க்காலப் பாட்டுகள் என்று யாரோ தொகுத்திருந்த பட்டியல்களுக்குள் பழைய பாட்டுகளுக்கு நடுவே இவர்களுடைய பாட்டுகளும் நுழைந்தன. சில வாரங்களிலேயே மாதம் பத்து லட்சம் பேர் கேட்கிற குழுவாகிவிட்டது. நான்கு பேரில் ஒருவரைக்கூட யாரும் நேரில் பார்த்ததில்லை என்று கேள்வி எழுந்தபோது, ஆண்ட்ரூ ஃப்ரெலன் என்ற பெயரில் ஒருவர் குழுவின் பேச்சாளராகத் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, சூனோ என்ற மென்பொருளைப் பயன்படுத்தினோம் என்று ரோலிங் ஸ்டோன் இதழுக்குச் சொன்னார். பிறகு, தமக்கும் குழுவுக்கும் சம்பந்தமே இல்லை, ஊடகங்களை ஏமாற்றிப் பார்த்தேன் என்றும் அவரே ஒப்புக்கொண்டார். அதற்கடுத்து ஸ்பாட்டிஃபை பக்கத்தில் குழுவின் குறிப்பு மாறியது: மனிதர் வழிகாட்ட, ஏஐ துணையோடு உருவான செயற்கை இசைத் திட்டம் என்று. அந்த மனிதர் யார் என்ற விவரம் அந்தக் குறிப்பில் இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிற இரண்டு கேள்விகள் தனித்தனியாகத் தெரிகின்றன. இயந்திரம் செய்ததா என்பது ஒன்று. யார் செய்தது, பணம் யாருக்குப் போகிறது என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்குக் காதை நம்பலாமா? ஓரளவுதான். தொடக்ககால ஏஐ பாட்டுகளில் சிம்பல் ஒலி மணல் சலிப்பது போலக் கலங்கியிருக்கும். பாடகரின் குரல் ஒரே ஆல்பத்துக்குள் பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறும். அடுத்தடுத்த பதிப்புகளில் இவை வேகமாகக் குறைந்து வருகின்றன. தவிர, மொபைல் டேட்டாவை மிச்சப்படுத்தக் குறைந்த தரத்தில் கேட்டால் மனிதர் வாசித்த சிம்பலும் அப்படித்தான் கலங்கும். சந்தேகம் வந்தால் செயலியின் ஒலித்தரத்தை உச்சத்தில் வைத்து ஹெட்போனில் கேட்பதுதான் குறைந்தபட்ச நியாயம். அப்படிக் கேட்டும் ஏமாறலாம். பிரான்ஸின் இசைச் சேவை நிறுவனமான டீசர், இப்சோஸ் ஆய்வு நிறுவனம் மூலம் எட்டு நாடுகளில் 9,000 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2025 நவம்பரில் வந்தது. முழுக்க ஏஐ செய்த பாட்டையும் மனிதர் செய்ததையும் 97 சதவீதம் பேரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

காதால் முடியாததைக் கணக்கு செய்கிறது. டீசரின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது, அழகானது. இந்த மென்பொருள்கள் பாட்டை முதலில் மிகச் சுருக்கமான எண் தொடராக உருவாக்கிக்கொண்டு, பிறகு அதைப் படிப்படியாக விரித்து, நொடிக்குப் பல்லாயிரம் மாதிரிகள் கொண்ட ஒலியாக மாற்றுகின்றன. ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் ஒலியின் அலைவரிசைப் படத்தில் சம இடைவெளியில் நுணுக்கமான முனைகள் பதிந்துவிடுகின்றன, சீப்பின் பற்களைப் போல. காதுக்கு அவை எட்டாது. முழுப் பாட்டின் அலைவரிசைச் சராசரியை எடுத்து, அதன் பொதுவான ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டால் அந்த வரிசை வெளியே தெரியும். முனைகள் எங்கே விழும் என்பது மென்பொருளின் கட்டமைப்பைப் பொறுத்தது; எந்தப் பாட்டுகளைக் கொடுத்துப் பழக்கினார்கள் என்பதைப் பொறுத்ததல்ல. அதனால் ஜாஸானாலும் சரி, நாட்டுப்புறப் பாட்டானாலும் சரி, எந்த மொழியானாலும் சரி, தடயம் ஒன்றேதான். வெல்வெட் சன்டவுன் ஆல்பங்களின் மீது ‘ஏஐ உருவாக்கியிருக்கலாம்’ என்ற முத்திரையை டீசர் இட்டது இப்படியொரு கண்டறியும் கருவியின் துணையோடுதான்.

இதன் வலிமையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஊகத்தை விலக்கி அளவீட்டைக் கொண்டுவருகிறது. ஏன் அப்படி முடிவு செய்தது என்று காட்டவும் முடிகிறது. ஆனால் அதே ஆய்வாளர்கள் தங்கள் முந்தைய கட்டுரையில் குறைகளையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். சோதனைக்கூடத்தில் 99.8 சதவீதம் சரியாகச் சொன்ன கருவி, பாட்டின் சுருதியைச் சற்று மாற்றினாலோ வேறு வடிவத்தில் மறுபதிவு செய்தாலோ தடுமாறியது. இதுவரை பார்த்திராத புது மென்பொருள் வந்தாலும் தடுமாறும். இன்னொரு குறை இதைவிட அடிப்படையானது. ஏஐ எழுதிக்கொடுத்த மெட்டை ஒரு கிதார்க் கலைஞர் தன் கையால் வாசித்துப் பதிவு செய்தால் அலையில் எந்தத் தடயமும் இருக்காது. மாறாக, ஒருவர் வரி எழுதி, மெட்டமைத்து, குரலுக்கு மட்டும் மென்பொருளை நாடினால் தடயம் இருக்கும். கருவி சொல்வது ‘இந்த ஒலி இந்த வகை மென்பொருள் வழியாக வந்தது’ என்பதை மட்டுமே. அதைப் படைப்பு பற்றிய தீர்ப்பாக நீட்டுவது நம் பிழை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். யார் செய்தது என்பதை எந்த அலைவரிசைப் படமும் சொல்லாது, காகிதம்தான் சொல்லும். நாம் பார்க்கக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பாட்டின் மெனுவில் உள்ள கிரெடிட்ஸ் பகுதியைத் திறந்து, எழுதியவர், தயாரித்தவர் பெயர்கள் கலைஞர் பெயரிலிருந்து வேறுபடுகின்றனவா என்று பார்க்கலாம். ஒரே எழுத்தாளர் பெயர் பல ‘கலைஞர்’களின் பாட்டுகளில் வருகிறதா என்று தேடலாம். ஆல்பத்தின் அடியில் ℗ குறிக்குப் பக்கத்தில் இருக்கும் உரிமையாளர் பெயரைப் படிக்கலாம். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பிளேஸ் ஃபோலி 1989-இல் இறந்தவர். 2025 ஜூலையில் அவருடைய ஸ்பாட்டிஃபை பக்கத்தில் ‘புதுப் பாட்டு’ ஒன்று வந்தது. பாட்டு அவர் பாணியில் துளியும் இல்லை. உரிமையாளர் இடத்தில் அவருடைய லேபிள் பெயருக்குப் பதிலாக ‘சின்டாக்ஸ் எரர்’ என்று இருந்தது. செய்தி வெளியான பிறகு பாட்டு நீக்கப்பட்டது.

ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் ஐஎஸ்ஆர்சி எண்ணும் உதவும் என்பார்கள். அதில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். ‘எழுபதுகளின் தொலைந்த பதிவு’ என்று சொல்லப்படும் பாட்டின் எண் எப்போது வழங்கப்பட்டது என்று அதில் தெரியும். ஆனால் முன்னெழுத்துகள் எண்ணை வழங்கியவரைத்தான் குறிக்கின்றன. இப்போது பெரும்பாலும் விநியோக நிறுவனங்களே எண்ணைத் தருவதால், அதைக் கொண்டு கலைஞரின் ஊரைக் கண்டுபிடிக்க முடியாது.

உண்மையில் ஆளைப் பிடித்துக் கொடுத்த முறை எது? 2022-இல் டாகென்ஸ் நிஹீட்டர் ஸ்பாட்டிஃபையின் கேட்புக் கணக்கையும், ஸ்வீடனின் இசையுரிமைச் சங்கமான ஸ்டிம் வைத்திருக்கும் பதிவு ஆவணங்களையும் ஒப்பிட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ‘கலைஞர்’களுக்குப் பின்னால் சுமார் இருபது பாடலாசிரியர்கள் நின்றார்கள். பாட்டு மேலே எந்தப் பெயர் போட்டிருந்தாலும், உரிமைத்தொகை வாங்க உண்மைப் பெயரைக் கொடுத்தாக வேண்டும் என்பதே அந்த முறையின் பலம். ஒரு செய்தித்தாள் ஆசிரியர் குழு மாதக்கணக்கில் உழைத்தால்தான் கிடைக்கிறது என்பது அதன் பலவீனம். படைப்பாளி எனப் பதிவு செய்யாமல், பதிவின் உரிமையாளராக மட்டும் விநியோக நிறுவனத்திடம் பணம் வாங்கினால் இந்த வழியும் அடைபட்டுவிடும்.

இங்கே ஏ.ஆர். ரஹ்மானை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டில் மறைந்த பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களை ஏஐ மூலம் பயன்படுத்தினார். குடும்பங்களின் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாகப் பகிரங்கமாகச் சொன்னார். அது சரியா என்று விவாதிக்கலாம். பலர் விவாதிக்கவும் செய்தார்கள். விவாதிக்க முடிந்ததற்குக் காரணம், எது இயந்திரம், யார் பொறுப்பு என்பது முதலிலேயே தெரிந்ததுதான்.

2025 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபை, கிரெடிட்ஸில் ஏஐ பயன்பாட்டைக் குறிப்பிடும் தொழில்துறைத் தரத்தை ஏற்பதாக அறிவித்தது. பாட்டைக் கொடுப்பவர் தாமாக முன்வந்து சொன்னால்தான் அது பதிவாகும். மறைக்க நினைப்பவர் எப்படிச் சொல்வார்? ஒவ்வொரு பாட்டுக்கும் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பது விநியோக நிறுவனங்களுக்குத் தெரியும். ஒரே கணக்கிலிருந்து வரும் எல்லாப் பெயர்களையும், புனைபெயரை உடைக்காமலே, ‘இவை ஒரே மூலம்’ என்று கேட்பவருக்குக் காட்ட அவர்களால் முடியும். அதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அலுப்பூட்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் ஏஐ என்று பொதுவெளியில் எழுதாதீர்கள். ஒரு நிமிடம் செலவழித்து கிரெடிட்ஸையும் ℗ வரியையும் படியுங்கள். அங்கே எதுவுமே இல்லையென்றால் ‘இதைச் செய்தது யார் என்று சொல்லவில்லை’ என்று எழுதுங்கள். அது உண்மை, பதில் சொல்லவேண்டியவர்களை நோக்கிய கேள்வியும் அதுதான்.