‘அதை அவன் சொல்வான்’

குழுவாக ஆய்வுக் கட்டுரை வாசிக்கும் மாணவர்கள் பேச்சை நிமிடக் கணக்கில் பிரித்துக்கொள்கிறார்கள். கேள்விகளை அப்படிப் பிரிப்பதில்லை. பிரித்தால், அந்தப் பிரிவினை பல சமயம் வீட்டிலிருந்து வந்ததாக இருக்கிறது. எண்ணும் ஆண்டும் ஆணுக்கு, கண்ணீரும் அனுபவமும் பெண்ணுக்கு.

திருவரங்குளம் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் சைக்கிள் கற்றுக்கொண்ட பெண்களைப் பற்றி நான்கு மாணவர்கள் ஒரு சிறு ஆய்வு செய்தார்கள். மூன்று பெண்கள், ஒரு பையன். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள் என்று பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அவர்களில் பதினான்கு பேரை இந்தக் குழு சந்தித்தது.

கருத்தரங்குக்கு முந்தைய நாள் ஒத்திகையின்போது, கேள்விப் பங்கீட்டை எழுதிய தாளைக் காட்டினார்கள். ‘ஆய்வுமுறை, புள்ளிவிவரம், வரலாறு’ என்பதற்கு நேரே பையனின் பெயர். ‘பெண்களின் உணர்வுகள்’ ஒருத்திக்கு, ‘பெண்ணியம்’ இன்னொருத்திக்கு. மூன்றாமவளுக்கு நன்றியுரை. எழுதியதும் பெண்கள்தான்.

நான் கேட்டேன்: “பதினான்கு பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?”

“அதை அவன் சொல்வான்” என்றாள் ஒருத்தி. அவனும் தயங்காமல், “எழுமாற்று முறையில் எடுத்தோம்” என்றான். எந்தப் பட்டியலிலிருந்து என்றதும் நின்றுவிட்டான். பட்டியல் ஏது? நன்றியுரைக்காரி தன் சின்னப் பாட்டியிடம் முதலில் போயிருக்கிறாள். அந்தப் பாட்டி தோழி ஒருவரைக் கைகாட்ட, தோழி இன்னொருவரைக் காட்ட, அப்படியே பதினான்கு வீடு. ஒருவர் சொல்லி மற்றவரை அடையும் இந்த முறைக்கும் ஆய்வுலகில் இடம் உண்டு. அதன் குறையும் தெரிந்ததே: சைக்கிளை விட்டுவிட்டவர்கள் அந்தச் சங்கிலியில் அகப்படுவது அரிது. இதைச் சொல்லக்கூடியவள் அந்தப் பெண் ஒருத்திதான். பையன் புத்தகம் படித்தான், படக்காட்சி செய்தான், நன்றாகவே செய்தான். ஆனால் யார் வீட்டுத் திண்ணையிலும் அவன் உட்காரவில்லை.

தாளைக் கிழித்துவிட்டு, வரக்கூடிய கேள்விகளைத் துண்டுச்சீட்டுகளில் எழுதச் சொன்னேன். இருபதுக்கு மேல் வந்தன. பிரிக்க நன்னூல் கைகொடுத்தது. பவணந்தி வினாவை ஆறாகப் பிரிக்கிறார். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த வகைகள்தான். கேள்வி கேட்பவரின் நோக்கத்தைப் படிக்க இவ்வளவு உதவும் என்று வகுப்பில் யாரும் சொல்வதில்லை. விடை தெரிந்துகொண்டே சோதிப்பது அறிவினா. அறிவொளி எந்த ஆண்டு தொடங்கியது என்பது போன்றவை, படித்த பையனுக்கே போயின. உண்மையாகவே தெரியாமல் கேட்பது அறியாவினா. அது எந்தத் தகவலைத் தொடுகிறதோ, அதைத் திரட்டியவளுக்கு. “ஆண்களிடமும் கேட்டிருக்கலாமே?” என்பது கேள்வி வேடத்தில் வரும் கட்டளை, ஏவல்வினா. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆய்வின் எல்லையை வகுத்தவள் இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

நான் அதிகம் கவலைப்பட்டது கொளல்வினாவைப் பற்றி. ஒன்றைப் பெற்றுக்கொள்வதற்காகக் கேட்பது. “அந்தப் பெண்களின் பெயரும் போன் நம்பரும் கிடைக்குமா?” இதற்குத் தர வேண்டியது மறைவிடை, அதாவது மறுப்பு. பெயர் வெளியே வராது என்று அந்தப் பெண்களிடம் வாக்குக் கொடுத்தவளே மறுக்க வேண்டும். மேடையில் இருக்கும் பெரியவர் ஒருவர் கேட்டால் மற்ற மூவரும் மரியாதைக்காக இளகிவிடக்கூடும். வாக்குக் கொடுத்தவளுக்கு அந்தப் பதினான்கு முகங்களும் நினைவில் இருக்கும்.

சீட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும், கீழே துணைக்கு ஒரு பெயரும் எழுதினோம். முதலாமவர் முடித்து, துணையைப் பார்த்தால் மட்டுமே துணை பேசலாம். தொடர்கேள்வியும் முதலாமவருக்கே. இந்த விதி இல்லாவிட்டால், பெண் சொல்லி முடித்த பதிலை “அதாவது இவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னா” என்று ஆண் திருப்பிச் சொல்வது நடந்துவிடும். அவையும் இரண்டாவது பதிலைத்தான் நினைவில் வைத்திருக்கும். கேள்வியை வாங்கி உரியவருக்குத் திருப்பும் வேலையை முன்பு ‘பெண்ணியம்’ ஒதுக்கப்பட்டிருந்தவளுக்குக் கொடுத்தோம். அது அதிகாரமுள்ள வேலை. ஒலிவாங்கி அவள் கையில் இருக்க வேண்டும்.

மறுநாள் ஏழு கேள்விகள் வந்தன. ஐந்தைக் கேட்டவர்கள் பையனைப் பார்த்தே கேட்டார்கள். அவனுக்கு ஒத்திகையில் சொல்லியிருந்தது ஒன்றுதான்: தலையை ஆட்டாதே, பதில் சொல்ல வேண்டியவள் பக்கம் உடம்பைத் திருப்பு. திருப்பினான். மூன்றாவது கேள்விக்குள் அவையின் பார்வையும் திரும்பியது. தேர்வுமுறை பற்றிய கேள்விக்குச் சின்னப் பாட்டியின் பேத்தி பதில் சொன்னாள், குறையையும் சேர்த்து. போன் நம்பர் கேள்வி வரவே இல்லை.

கூட்டம் கலைந்தபின் ஒருவர் பையனிடம் வந்து, “தம்பி, நீங்க பேட்டி எடுத்த அம்மாக்கள்ல இப்பவும் சைக்கிள் ஓட்டுறவங்க உண்டா?” என்றார்.

“நான் எடுக்கலைங்க ஐயா. அவங்களைக் கேளுங்க.”

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். மூன்று பெண்களும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.