கடைசியாக எப்போது சாப்பிட்டார்?

மருத்துவமனையில் சேர்க்கும்போது நிரப்பும் மருந்து ஒப்பீட்டுப் படிவத்தின் அழகு, அது மருந்தின் மூலப்பெயரைக் கேட்பதில் இருக்கிறது. திருநாவலூர் முதியவர் ஒருவருக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக அம்லோடிபினும் மெட்ஃபார்மினும் வீட்டுக்கே வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். தனியார் மருத்துவர் தந்த கூட்டு மாத்திரையில் டெல்மிசார்டானோடு அம்லோடிபினும் உண்டு. அட்டையில் பெயர்தான் வேறு. கடும் வயிற்றுப்போக்கோடு அவர் சேரும்போது, மூலப்பெயரை எழுதினால்தான் இரட்டிப்பு கண்ணில் படும். நீர்ச்சத்து தேறும்வரை டெல்மிசார்டானையும் மெட்ஃபார்மினையும் நிறுத்துவதா என்று மருத்துவர் முடிவெடுத்து, காரணத்தையும் அருகிலேயே எழுதுவார்.

பழைய சீட்டே போதாதா என்பார்கள். சீட்டு சொல்வது எழுதிக்கொடுத்ததை. ‘கடைசியாகச் சாப்பிட்ட நேரம்’ என்ற கட்டம் கேட்பது உண்மையில் விழுங்கியதை. அவசரத்தில் முடியாதே என்றால், உயிர்காக்கும் சிகிச்சை முதலில் நடக்கட்டும். மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்ப்பது 24 மணி நேரத்துக்குள் முடியட்டும்.