பத்து பூத்தே பற்றி ஒரு ஊகக் கேள்வி

ஜொகூரின் கூலாயில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பத்து பூத்தே சொந்த மாநிலத்துக் கதை. சிங்கப்பூரில் அதற்குப் பெயர் பெட்ரா பிராங்கா. அந்தத் தீவின் உரிமை வழக்கைக் கருத்துணர் பகுதியாக்கி ஊகக் கேள்வி அமைக்கும்போது, நடுநிலைக்கு நாம் செய்வதெல்லாம் 'பறித்தது', 'பறிகொடுத்தது' போன்ற சொற்களைத் தவிர்ப்பதுதான். அது நல்ல பழக்கம்; ஆனால் பாதி வேலைதான்.

மீதிப் பாதி கேள்வியின் அடியில் இருக்கிறது. பகுதியில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 1953 ஜூனில் சிங்கப்பூர்க் காலனி அரசு, தீவின் நிலை என்னவென்று ஜொகூருக்கு எழுதிக் கேட்டது. தீவுக்கு உரிமை கோரவில்லை என்று செப்டம்பரில் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் எழுதினார்.

'ஜொகூர் ஏன் தீவை விட்டுக்கொடுத்தது?' என்று கேட்டால், சொல்லில் காரமில்லை. ஆனால் விட்டுக்கொடுத்தது என்பதை மாணவன் ஏற்றுக்கொண்டால்தான் விடையே எழுத முடியும். பகுதி அதைச் சொல்லவில்லை.

பதறிப்போய் மறுகோடிக்குப் போவதும் உண்டு. 'ஜொகூரின் பதிலிலிருந்து என்ன தெரிகிறது?' விடை: அப்போது உரிமை கோரவில்லை. பகுதியில் உள்ள வரியே விடையாகிவிட்டது. ஊகிக்க எதுவும் மிஞ்சவில்லை. இப்படிக் கேட்பதன் பெரிய குறை இதுதான் என்பேன். பாதுகாப்பைத் தேடியே கேள்வி சப்பென்று ஆகிவிடுகிறது.

பதிலை விட்டுவிட்டு ஜூன் கடிதத்தைப் பிடித்தால் வழி திறக்கிறது: 'தீவின் உரிமை பற்றி 1953இல் சிங்கப்பூர் அரசுக்கு இருந்த தெளிவைக் குறித்து, அக்கடிதத்திலிருந்து எதை ஊகிக்கலாம்?' உறுதியாகத் தெரிந்தவர் கேட்டு எழுதமாட்டார் என்ற விடை பகுதியில் நேராக இல்லை, ஆனால் அதிலிருந்தே பிறக்கிறது. எந்தக் கொடியையும் அது தொடவில்லை.

பல்தெரிவுக் கேள்வியானால் சோதிக்க எளிய வழி: பகுதியைக் காட்டாமல் கேள்வியையும் தெரிவுகளையும் மட்டும் கொடுங்கள். பலர் ஒரே தெரிவைக் குறித்தால், அங்கே வேலை செய்வது வாசிப்பு அல்ல; நாட்டுப்பற்றாக இருக்கலாம். தவறான தெரிவுகளில் மாணவனின் பற்றைத் தூண்டிலாக்குவதும் முறையல்ல.

நடுநிலை என்ற பெயரில் நடந்ததை மழுப்புவது இன்னொரு குறை. 'இரு நாடுகளும் உரிமை கோருகின்றன' என்று முடிக்கும் பகுதி, 2008 மே 23 தீர்ப்பை மறைக்கிறது. மூல உரிமை ஜொகூர் சுல்தானகத்துடையது என்று ஏற்ற அனைத்துலக நீதிமன்றம், 1980 வாக்கில் அது சிங்கப்பூருக்கு மாறிவிட்டதாக 12க்கு 4 என முடிவு செய்தது. அதே தீர்ப்பில் மிடல் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்கு. சவுத் லெட்ஜ், எந்த நாட்டின் கடலெல்லைக்குள் வருகிறதோ அந்நாட்டுக்கு. தீர்ப்பை விமர்சிக்கலாம், வராததுபோல் எழுதக்கூடாது.

தேர்வுத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களே, சொற்களை வடிகட்டி முடித்தபின், மாணவன் எதை ஒப்புக்கொண்டால் இந்தக் கேள்விக்கு விடை எழுத முடியும் என்று ஒருமுறை பாருங்கள். அது பகுதியில் இல்லையென்றால் கேள்வியை எடுத்துவிடுங்கள்.