திரைப்பிடிப்பில் இருக்கும் ஆர்டர் வரிசையாக வருமா? டெசரக்ட் 5 சோதனை

டெசரக்ட், படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துக் கொடுக்கும் இலவச மென்பொருள். எச்.பி. நிறுவனத்தில் 1980களில் பிறந்து, 2005இல் திறந்த மூலமாகி, அடுத்த ஆண்டு முதல் கூகுள் ஆதரவில் வளர்ந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2021இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அரட்டைத் திரைப்பிடிப்பு ஒன்றைக் கொடுத்தால், யார் அனுப்பினார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்ற மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில், வந்த வரிசை மாறாமல் எடுக்க முடியுமா என்பதே இங்கே பார்க்கப்படுகிறது.

வைகையின் வடகரையில் இருக்கும் செல்லூர் போன்ற தறிப் பகுதிகளில் இந்தத் தேவை அடிக்கடி வரும். கடைக்காரர் ஆர்டரை வாட்ஸ்அப்பில் போடுவார். அதைத் திரைப்பிடிப்பு எடுத்து ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவார். கணக்கு எழுதுபவர் கையில் வந்து சேர்வது வெறும் படம். போனில் இருக்கும் கூகுள் லென்ஸ் தமிழை நன்றாகவே படிக்கிறது. ஆனால் நகலெடுத்து ஒட்டினால் பெயர், மணி, செய்தி எல்லாம் ஒன்றாகக் குழைந்து வரும். டெசரக்ட் ஒவ்வொரு சொல்லுடனும் அது படத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதையும் எண்ணாகத் தருகிறது. இந்த வேலைக்கு அதுதான் அதன் பலம். இணையம் இல்லாமலே ஓடுவதால் வியாபாரப் பேச்சு வெளியே எங்கும் போவதில்லை என்பது கூடுதல் நிம்மதி.

நிறுவும்போது தமிழுக்கான கோப்பையும் (`tam.traineddata`) சேர்த்துப் போட வேண்டும். விரைவுக்கு ஒன்று, துல்லியத்துக்கு ஒன்று என வெவ்வேறு வகையில் அது கிடைக்கிறது. சில படங்களுக்காகக் காத்திருக்க முடியும் என்பதால் துல்லியமானதையே எடுப்பது நல்லது. பிறகு படத்தைத் தயார் செய்ய வேண்டும். திரையின் உச்சியில் போனின் கடிகாரம் இருக்கும் பட்டையை முதலில் வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த மணியும் ஏதோ ஒரு செய்தியின் மணியாகக் கணக்கில் ஏறிவிடும். அடியில் தட்டச்சு செய்யும் பெட்டியும் போகட்டும். மணி எழுத்து பொடியாக இருப்பதால் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்குவது பலன் தரும். இருண்ட திரை என்றால் `-negate` சேர்த்து நிறத்தைப் புரட்ட வேண்டும், ஏனென்றால் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தைப் படிக்கவே இந்த மென்பொருள் பழகியிருக்கிறது.

```
magick thirai.png -colorspace Gray -resize 200% t2.png
tesseract t2.png vari -l tam+eng --psm 6 tsv
```

`--psm 6` என்பது படம் முழுவதையும் ஒரே பத்தியாக எண்ணி மேலிருந்து கீழே படிக்கச் சொல்கிறது. அரட்டைத் திரையில் ஒரே உயரத்தில் இரண்டு குமிழ்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதில்லை என்பதால் இது ஒத்துவருகிறது. வெளிவரும் `vari.tsv` கோப்பில் ஒரு சொல்லுக்கு ஒரு வரி. `left`, `top`, `height` ஆகியவை இடத்தையும் உயரத்தையும் சொல்லும். `conf` என்பது அந்தச் சொல்லைப் பற்றி மென்பொருளுக்கு இருக்கும் நம்பிக்கை, நூற்றுக்கு இத்தனை என்று.

டெசரக்டின் வேலை இத்துடன் முடிகிறது. சொற்களை ஆர்டராகக் கோப்பது பயன்படுத்துபவர் எழுதும் விதிகளின் பாடு. சோதனைக்கான மாதிரித் திரை, தறிக்காரரின் போனில் இருக்கும் குழு அரட்டை. அதில் நான்கு செய்திகள்: கைலிக்கடை அடுத்தடுத்து இரண்டு போடுகிறது, தறிக்காரர் அதில் ஒன்றை மேற்கோள் காட்டிப் பதில் சொல்கிறார், கடைசியாகச் சாயப்பட்டறை பேசுகிறது. வர வேண்டிய விடை இது:

```
1 | கைலிக்கடை | 6:12 pm | 40 டஜன் கட்டம் போட்டது வேணும்
2 | கைலிக்கடை | 6:12 pm | நாளைக்கு 9:30 am லாரியில ஏத்திடுங்க
3 | (தறிக்காரர்) | 6:15 pm | டஜன் ₹1,800 சரியா
4 | சாயப்பட்டறை | 6:20 pm | செவப்பு நூல் நாளைக்குத்தான்
```

குழு அரட்டையில் பெயர் குமிழின் தலையிலும் மணி அதன் வலது அடியிலும் இருக்கும். ஆகவே மணி வந்த இடத்தில் ஒரு வரிசை முடிகிறது என்பது முதல் விதி. இரண்டாம் செய்தியே இதைச் சோதித்துவிடுகிறது: அதன் நடுவில் 9:30 am இருக்கிறது. மணி வடிவத்தை மட்டும் தேடினால் செய்தி இரண்டாக உடைந்து, மிச்சம் அடுத்த வரிசையாகிவிடும். உயரம் குறைவாகவும், வரியின் கடைசியிலும் இருந்தால் மட்டுமே அது அனுப்பிய மணி என்று விதியை இறுக்க வேண்டும். அதே செய்தியில் பெயரும் கிடையாது, ஏனென்றால் ஒருவர் தொடர்ந்து பேசும்போது வாட்ஸ்அப் முதல் குமிழில் மட்டுமே பெயரைக் காட்டும். அப்படிப் பெயரில்லாத இடது குமிழுக்கு மேலே உள்ளவரின் பெயரையே போடலாம். படத்தின் முதல் குமிழே பெயரில்லாமல் இருந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதே நேர்மை.

மூன்றாம் செய்திதான் வம்பு பிடித்தது. சொந்தக் குமிழில் பெயர் இருக்காது. மேற்கோள் பெட்டியில் ‘கைலிக்கடை’ என்று தலையில் இருக்கும். விதி ஏமாந்தால், விலை கேட்டவர் கடைக்காரராகவும் நாற்பது டஜன் இரண்டு முறையும் பதிவாகும். இதற்கு எழுத்தைவிட நிறம் நம்பகமானது. குமிழின் பின்னணி இளம்பச்சையா வெள்ளையா என்பதைச் சாம்பல் நிறமாக்காத மூலப் படத்தில் பார்த்து, பச்சை என்றால் சொந்தச் செய்தி என்று எடுத்துக்கொண்டு, சற்று அடர்ந்த நிறத்தில் இருக்கும் மேற்கோள் பெட்டியைப் படிக்காமல் ஒதுக்கலாம். நீல டிக் குறிகள் ‘v’, ‘w’ போல ஏதாவது எழுத்தாக வந்து மணிக்குப் பின்னால் ஒட்டும். மணி வரியின் கடைசியில் இருக்கிறதா என்று பார்க்கும் முன்பே அந்த எழுத்தை வெட்டிவிட வேண்டும்.

எழுத்துப் பிழைகளில் தமிழில் அதிகம் தொல்லை கொடுப்பவை புள்ளி விழுந்துபோவதும், ‘ர’வும் காலும் இடம் மாறுவதும். படிப்பவர் இவற்றைத் திருத்திக்கொள்வார். ரூபாய்க் குறி அப்படியல்ல. அது சில நேரம் 2 என்று படிக்கப்படுகிறது. ₹1,800 என்பது 21,800 ஆகும்போது பார்ப்பதற்குச் சரியான எண்ணாகவே இருக்கும். `conf` குறைந்த சொற்களை நிறமிட்டுக் காட்டினாலும் இத்தகைய பிழை தப்பிவிடலாம். தொகை, எண்ணிக்கை இரண்டையும் படத்தோடு ஒப்பிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

மணி நிமிடம் வரையே இருப்பதால், அதை வைத்து வரிசைப்படுத்தக் கூடாது. முதல் இரண்டும் 6:12. எது முந்தியது என்பதைத் திரையில் இருக்கும் இடமே சொல்லும். ஆகவே வரிசை எண் தனிக் கட்டமாக வேண்டும். நீண்ட பேச்சைப் பல படங்களாக எடுத்தால் ஓரத்தில் உள்ள செய்திகள் இரண்டிலும் வரும். ஒரே மாதிரி இருப்பதை எல்லாம் நீக்கினால், ஒரே நிமிடத்தில் உண்மையாகவே இரண்டு முறை சொன்ன ‘சரி’யில் ஒன்று காணாமல் போகும். முதல் படத்தின் கடைசி இரண்டு மூன்று வரிசைகள் அடுத்த படத்தின் தொடக்கத்தோடு தொடராகப் பொருந்துகின்றனவா என்று பார்த்துத்தான் ஒட்ட வேண்டும். தேதிக்குப் பதில் ‘இன்று’, ‘நேற்று’ என்று இருந்தால் `Screenshot_20240312-181530` போன்ற கோப்புப் பெயரிலிருந்து கணக்கிடலாம். ஆனால் ஒருவர் கை மாறி இன்னொருவருக்கு வந்த படத்தில் அந்தப் பெயரும் போயிருக்கும். அப்போது தேதி காலிதான்.

வெளிச்சத் திரை, ஆங்கில எண்கள், குட்டிச் செய்திகள் என்றால் டெசரக்ட் தாராளமாக வேலைக்கு ஆகும். முழுத் தமிழில் நீளமாக எழுதப்பட்டதற்கு உட்கார்ந்து திருத்தும் பொறுமை வேண்டும். பூ வேலைப்பாடு போட்ட பின்னணி, குரல் செய்தி, ‘மேலும் படிக்க’ என்று மடிந்த செய்தி ஆகியவற்றை எந்த விதியும் மீட்டுத் தராது. பேச்சு நடந்த போனே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் படத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. வாட்ஸ்அப்பின் ‘ஏற்றுமதி’ வசதி தேதி, மணி, பெயர், செய்தி நான்கையும் உரைக்கோப்பாகவே கொடுத்துவிடும்.