தலையங்கமும் ஓர் ஏகாரமும்

தமிழ் வகுப்பில் ஒரு தலையங்கத்தைக் கொடுத்து, அதில் செய்தி எது, அபிப்பிராயம் எது, வாசகனை வசப்படுத்தும் உத்தி எது என்று கேட்பது நல்ல பயிற்சிதான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று பெட்டிகளில் ஒன்றில் போடச் சொல்லும் கேள்வித்தாளோடு எனக்குச் சம்மதமில்லை.

உதாரணத்துக்கு நான்கு வாக்கியங்கள் நானே எழுதுகிறேன். கோவிலம்பாக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயமாகவே இருக்கட்டும். 'பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அதை மூடி வீடு கட்டியதே காரணம். இனி அங்கே ஒரு வீடுகூட எழக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு எதை விட்டுப் போகப் போகிறோம்?'

முதல் வாக்கியம் செய்தி, மூன்றாவது அபிப்பிராயம், நான்காவது உத்தி என்று பிள்ளைகள் சட்டென்று எழுதிவிடுவார்கள். இரண்டாவதையும் செய்தி என்றே பலர் எழுதுவார்கள். வருஷமும் மாதமும் இருக்கிறதல்லவா? வாத்தியார் இங்கேதான் நிற்க வேண்டும். இதை எப்படிச் சரிபார்ப்பாய் என்று கேட்க வேண்டும். அந்த டிசம்பரில் முடிச்சூர்ப் பக்கம் வீடுகளில் புகுந்தது அடையாற்று வெள்ளம். சதுப்பு நிலம் இருப்பது வேறு திசையில். அப்போது பெய்த மழையும் சாதாரண மழையல்ல. ஆகவே 'மூடியதே காரணம்' நிற்காது. 'மூடியதும் ஒரு காரணம்' என்றால், சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருக்களைப் பொறுத்தவரை நிற்கும். பிரிநிலை ஏகாரம் மற்றக் காரணங்களையெல்லாம் வெளியே தள்ளுகிறது. எச்ச உம்மை அவற்றை உள்ளே அழைக்கிறது. நன்னூலில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் விஷயந்தான். செய்தி, அபிப்பிராயம், உத்தி மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள், அதிலும் ஓர் எழுத்துக்குள், குடியிருக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. முதல் வாக்கியத்தில் 2022க்குப் பதில் 2012 என்று அச்சாகியிருந்தால் அது அபிப்பிராயமாகிவிடாது. தப்பான செய்தி, அவ்வளவுதான். செய்தி என்றால் உண்மை என்று அர்த்தமில்லை. சோதித்துப் பார்க்கக்கூடியது என்றுதான் அர்த்தம்.

கேள்வித்தாளில் இல்லாத கேள்வி ஒன்றை நான் சேர்ப்பேன்: எது சொல்லப்படவில்லை? என் நான்கு வாக்கியங்களில் வீடு கட்டியவன் மட்டுமே குற்றவாளி. அதே சதுப்பு நிலத்தில் பெருங்குடிப் பக்கம் மாநகராட்சியே பல வருஷங்கள் குப்பை கொட்டியது பற்றி மூச்சில்லை. நான் சொன்னவற்றை மட்டும் அலசுகிற மாணவனுக்கு இது அகப்படாது. எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் தலையங்கம் எழுதுகிறவனின் பெரிய உத்தி.

இதனால் உத்தியெல்லாம் மோசடி என்று பையன் நினைத்துவிடக் கூடாது. தலையங்கம் வசப்படுத்தத்தான் எழுதப்படுகிறது. 'நம் பிள்ளைகள்' என்பது, சோதனையில் நிற்கும் செய்திகளுக்குப் பிறகு வந்தால், நியாயமான அழைப்பு. அவற்றின் இடத்தில் வந்தால்தான் ஏமாற்று.