மூன்றாவது தட்டு யாருக்கு?

இன்ஸ்டாகிராமில் தள்ளித் தள்ளிப் படிக்கும் வாட்சப் கதைகள் இப்போது தமிழிலும் வருகின்றன. இரண்டு பேர் அனுப்பிக்கொள்ளும் செய்திகள், குமிழி குமிழியாக. நானும் விடாமல் படிக்கிறேன். பல கதைகள் மேடை வசனத்தைத் தூக்கி போனுக்குள் வைத்த மாதிரிதான் இருக்கு. காரணம், கதைசொல்லி இல்லாத இடத்தில் அந்த வேலையைப் பாத்திரங்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

ஓர் உதாரணத்தைக் கட்டிப் பார்ப்போம். அக்கா ஈப்போவில் அப்பாவோடு இருக்கிறாள். தம்பிக்கு சிங்கப்பூரில் வேலை. அம்மா இறந்து ஒரு வருடம். வழக்கமான கதையில் தம்பியின் முதல் குமிழி இப்படி வரும்: “அக்கா, போன வருஷம் அம்மா இறந்ததுல இருந்து அப்பா ரொம்ப ஒடஞ்சி போய்ட்டாரே, இப்ப எப்படி இருக்காரு?” எந்தத் தம்பி இப்படி அனுப்புவான்? அம்மா இறந்தது அக்காவுக்குத் தெரியாதா? இது நமக்காக எழுதப்பட்ட செய்தி. அதைப் பார்த்ததும், இன்னொருவர் போனை எட்டிப் பார்க்கிறோம் என்ற கள்ள சுகம் போய்விடுகிறது. இந்த வடிவத்தின் உயிரே அதுதான்.

இப்படி எழுதலாம். போன் அக்காவுடையது. முதல் படம்:

தம்பி, 8:12: அப்பா சாப்ட்டாரா
அக்கா, 8:14: ம்
தம்பி, 8:14: என்ன சமைச்சே

இரண்டாவது படம்:

அக்கா, 8:15: நான் சமைக்கல. அவரேதான்
தம்பி, 8:15: நெசமாவா
அக்கா, 8:15: சாம்பாரு

மூன்றாவது படத்தில் அக்காவின் ஒரே குமிழி:

8:16: மேசையில மூனு தட்டு வச்சிருக்காரு

கீழே எல்லாம் காலி. நான்காவது படத்தில் தம்பியின் பதில்:

11:52: வெள்ளி ராத்திரி பஸ்சு இருக்கு. டிக்கெட் எடுத்துட்டேன்

தட்டு வரியை இரண்டாவது படத்தின் அடியிலேயே வைத்திருக்கலாமே? வைத்தால் கெட்டுவிடும். 2015-இல் வந்த ஹூக்ட் என்ற செயலியில் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு செய்திதான் திறக்கும். அதனால் அதிர்ச்சியை எங்கு வேண்டுமானாலும் ஒளிக்கலாம். கேரசலில் ஒரு படத்தின் குமிழிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். வாசகர் மேலிருந்து வருவதற்குள் பார்வை கடைசி வரிக்குத் தாவிவிடுகிறது. ஆக, திருப்பம் எப்போதும் அடுத்த படத்தின் தலையில்தான் வர வேண்டும். விரல் தள்ளும் அந்த ஒரு நொடிதான் இங்கே மௌனம்.

அடுத்தது, யாருடைய போன் என்ற கேள்வி. வாட்சப்பில் வலப்பக்கம் இருப்பவை போன்காரர் அனுப்பியவை, இடப்பக்கம் வந்தவை. இது அலங்காரம் இல்லை, கதையின் பார்வைக்கோணம். செய்தி சேர்ந்ததா, படிக்கப்பட்டதா என்று காட்டும் குறிகள் அனுப்பியவர் போனில், அவருடைய குமிழியில்தான் தெரியும். பல கதைகளில் இடப்பக்கக் குமிழிக்கும் நீலக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த உடனே கதை பொய்யாகிவிடுகிறது.

நம் கதையில் மூன்றாவது படத்தின் நீலக்குறி முக்கியம். தம்பி படித்துவிட்டான், ஆனால் 11:52 வரை பதில் இல்லை. அந்த மூன்றரை மணி நேரத்தை எந்த வசனமும் சொல்லாது. போன் தம்பியுடையதாக இருந்தால் வேறு கதை: கீழே தட்டச்சுப் பெட்டியில் அவன் எழுதி அனுப்பாமல் விட்ட “அம்மாவுக்கா” என்ற சொல் நிற்கலாம். எழுதி அனுப்பாத வரி போன்காரருக்கு மட்டும்தான் தெரியும். அக்கா அதை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. எனக்கு அக்காவின் போன்தான் பிடிக்கிறது. மூன்றாவது தட்டு அம்மாவுக்கா, ஊருக்கு வராத மகனுக்கா என்பது அதில் கடைசிவரை திறந்தே இருக்கிறது.

மொழி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பலர் நிஜத்தில் தமிழை ரோமன் எழுத்தில்தான் தட்டுகிறோம். கதையில் தமிழ் எழுத்துக்கு மாற்றும்போது எல்லாரும் ஒரே வாயால் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. வட்டாரப் பேச்சைத் தூவினால் மட்டும் சரியாகாது. யார் ‘ம்’ என்று முடிப்பார், யார் ஒரே விஷயத்தை மூன்று குமிழியாக உடைப்பார் என்ற பழக்கத்தில்தான் ஆள் தெரிவார். மேலே பெயரை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். யார் பேசுவது என்று தெரியவில்லை என்றால் பாத்திரம் இன்னும் உருவாகவில்லை.

2017-இல் ஒரு பதிவுக்கு 10 படங்கள் என்று தொடங்கிய கேரசல், 2024-இல் 20 ஆனது. இடம் கூடியதும் பல கதைகள் கடைசிப் படத்தில் கறுப்புப் பின்னணி போட்டு, “அப்பாக்களின் அன்பு சொல்லில் அடங்காது” என்று ஒரு வரி எழுதி முடிக்கின்றன. நம் கதை 4 படங்களில் நின்றுவிடுகிறது. ஐந்தாவது படத்தில் எதை எழுதினாலும் அந்தத் தட்டில் நாமே கை வைத்ததாகிவிடும்.