எளிய தமிழில் எழுதிய சலுகை யாரைக் கட்டுப்படுத்தும்?

தீபாவளி மலிவு விற்பனையின் நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் போடாமல் எளிய தமிழில் எழுதிவிட்டால் பயனீட்டாளர் ஏமாறமாட்டார் என்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ கூட்டத்தில் நின்றுகொண்டு ஒரு பக்க ஆங்கிலத்தை யாரும் படிக்கப்போவதில்லை. எதுவரை செல்லும், எதற்குச் செல்லாது, எப்படிப் பெறுவது என்ற மூன்றும் மூன்று வரியில் இருப்பது நல்லதே. இதை மறுக்க ஒன்றுமில்லை.

என் மறுப்பு அந்த மூன்று வரிக்குக் கீழே வரும் நான்காவது வரி பற்றியது: “முரண்பாடு இருந்தால் முழு நிபந்தனைகளே செல்லும்.”

ஒரு கற்பனைச் சலுகையை எடுத்துக்கொள்வோம். 200 ரிங்கிட்டுக்குத் துணி வாங்கினால் 50 ரிங்கிட் வவுச்சர். எளிய தமிழில் இப்படி இருக்கிறது: “2025 அக்டோபர் 19 வரை செல்லும். மலிவு விலைத் துணிகளுக்குச் செல்லாது. அடுத்த முறை வாங்கும்போது ரசீதுடன் காட்டுங்கள்.” முழு நிபந்தனையோ, வவுச்சர் கொடுத்த 14 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், ஒரே ரசீதில் மறுபடியும் 200 ரிங்கிட் வாங்க வேண்டும் என்கிறது. அக்டோபர் 1ஆம் தேதி வாங்கியவர், பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை 18ஆம் தேதி, மலிவு விலையில் இல்லாத 120 ரிங்கிட் சேலையோடும் ரசீதோடும் கல்லாவுக்கு வருகிறார். தமிழ் வரிகளின்படி அவருக்கு 50 ரிங்கிட் கழிய வேண்டும். முழு நிபந்தனையின்படி இரண்டு காரணங்களால் ஒரு காசும் கழியாது. போதாததற்கு, அந்த வாரம் கடையில் பாதித் துணிக்கு மேல் மலிவு விலைச் சீட்டு தொங்கினால், விலக்கு எது, விதி எது என்றே தெரியாது.

பொடி எழுத்தாவது படிக்க முடியாது என்று தன்னைக் காட்டிக்கொடுத்தது. எச்சரிக்கையானவர் கேள்வி கேட்டார். எளிய வரிகள் அந்தக் கேள்வியையே அடக்கிவிடுகின்றன. கடை வாக்குக் கொடுத்ததுபோல் ஆகிறது, ஆனால் கட்டுப்படுவதில்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இல், 2010ஆம் ஆண்டுத் திருத்தம் நியாயமற்ற ஒப்பந்த விதிகளைக் கேள்வி கேட்க இடம் தந்தது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு கொடுக்கலாம். ஆனால் 50 ரிங்கிட்டுக்காக ஒருநாள் வேலையை விட்டு விசாரணைக்குப் போகிறவர் யார்? கடைக்கும் அது தெரியும்.

எளிமையாக எழுதுகிறவர் முதலில் நான்காவது வரியைத் திருப்பிப் போடட்டும்: “முரண்பாடு இருந்தால் இந்தத் தமிழ் வரிகளே செல்லும்.” அப்படி எழுதத் துணியாத கடையின் எளிய தமிழ் வெறும் விளம்பரம். அதன் வவுச்சரை நம்பிப் பெருநாள் கணக்குப் போடாதீர்கள்.